ஒழுங்கில்லாத குட்டையின் பரப்பை டேப்பும் கயிறும் வைத்து அளப்பது எப்படி: சிம்சன் விதியும் உருண்டை முனைகளும்

மீன் குஞ்சு விடுவதாக இருந்தாலும் சுண்ணாம்பு போடுவதாக இருந்தாலும் முதலில் வரும் கேள்வி, தண்ணீர்ப் பரப்பு எவ்வளவு என்பதுதான். பட்டாவிலோ புலப்படத்திலோ இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அதில் கரையும் சேர்ந்தே இருக்கும், எல்லைக் கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஐந்தடி இருக்கலாம், ஐம்பதடியும் இருக்கலாம். நீள அகலத்தைக் கண்ணால் பார்த்துப் பெருக்கிவிடுபவர்களும் உண்டு. குட்டை செவ்வகமாக இருந்தால் அது போதும், ஆனால் நம் குட்டைகள் ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒடுங்கி, மண் அள்ளிய இடத்தில் எல்லாம் வளைந்து கிடப்பவை.

இதற்குப் பரவளைய விதி என்று ஒரு முறை இருக்கிறது. சிம்சன் விதி என்றால் பாலிடெக்னிக்கில் சர்வே படித்தவர்களுக்குத் தெரியும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணிதர் தாமஸ் சிம்சன் பெயரில் வழங்குகிறது, ஆனால் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1615இல், கெப்ளர் திராட்சை மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைக் கணக்கிட இதே சூத்திரத்தைக் கொடுத்துவிட்டார். இரண்டு பேர், ஒரு 30 மீட்டர் டேப், கொஞ்சம் முளைக்குச்சி, முடிச்சுப் போட்ட கயிறு, இவ்வளவு இருந்தால் போதும், ஒரு காலை வேலைதான்.

சூத்திரம் எங்கிருந்து வருகிறது

குட்டையை நீளவாக்கில் ஒரே அளவுள்ள பட்டைகளாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டுக் கோட்டிலும் தண்ணீர் எவ்வளவு அகலம் என்று அளக்கிறோம். பக்கத்துப் பக்கத்து அகலங்களை நேர்கோட்டால் இணைத்தால் ஒவ்வொரு பட்டையும் ஒரு சரிவகம், அதைக் கூட்டினால் சரிவக விதி. கரை வெளிப்பக்கம் வளைந்திருக்கும் இடத்தில் எல்லாம் நேர்கோடு உள்ளே வெட்டிப் போய்விடும், ஆகவே பரப்பு குறைவாக வரும். சிம்சன் விதி இரண்டு பட்டைகளைச் சேர்த்து எடுத்து, அவற்றின் மூன்று அகலங்கள் வழியாக நேர்கோட்டுக்குப் பதில் ஒரு பரவளையத்தை ஓட்டுகிறது.

ஒரு சோடியை மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் முழுக்கப் புரிந்துவிடும். பட்டை 10 மீட்டர், மூன்று அகலங்கள் 20.4, 33.0, 39.6 என்று வைத்துக்கொள்வோம். முதலையும் கடைசியையும் நேராக இணைத்தால் சராசரி அகலம் 30, நீளம் 20, பரப்பு 600 சதுர மீட்டர். ஆனால் நடுவில் அகலம் 30 இல்லை, 33, அதாவது 3 மீட்டர் வீங்கியிருக்கிறது. பரவளைய வீக்கத்தின் பரப்பு, அதைச் சுற்றிய பெட்டியில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. ஆர்க்கிமிடீஸ் நிறுவிய உண்மை இது. அப்படியானால் வீக்கம் 20 × 3 × 2/3 = 40. மொத்தம் 640. இதையே சுருக்கி எழுதினால், பட்டை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை, (முதல் + 4 × நடு + கடைசி) என்பதால் பெருக்குவது: 10/3 × (20.4 + 132 + 39.6) = 640. அவ்வளவுதான் விதி, மீதி எல்லாம் இதை அடுத்தடுத்து வைத்துக் கூட்டுவது.

பட்டைகள் ஏன் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பட்டைகளைச் சோடி சோடியாக எடுக்கிறோம், ஒற்றைப்படை என்றால் ஒரு பட்டை சோடியில்லாமல் நிற்கும். இரண்டு சோடிகள் சந்திக்கும் இடத்து அகலம் முந்தைய சோடிக்குக் கடைசி, அடுத்த சோடிக்கு முதல், இரண்டு முறை வருவதால் அதன் பெருக்கி 2. எனவே பெருக்கிகள் 1, 4, 2, 4, 2, … 4, 1 என்று போகும். எட்டுப் பட்டை என்றால் ஒன்பது அகலம், முளையும் ஒன்பது. பட்டைக்கும் முளைக்கும் உள்ள இந்த ஒன்று வித்தியாசத்தில் குழம்புபவர்கள் நிறைய, எண்ண வேண்டியது பட்டையை.

களத்தில் சட்டம் போடுவது

தண்ணீருக்குக் குறுக்கே டேப் இழுப்பது தொல்லை. டேப் நடுவில் தொய்யும், நைலான் கயிறாக இருந்தால் இழுக்க இழுக்க நீளும், காற்று அடித்தால் பக்கவாட்டில் வில் மாதிரி வளையும். இந்த மூன்றிலும் அகலம் தப்பாகத்தான் வரும். அதனால் தண்ணீரைத் தொடாமலே அளக்கும் வழியைச் சொல்கிறேன்.

நீளமான கரைக்கு வெளியே நேராக ஒரு அடிக்கோடு போடுங்கள். நம் உதாரணக் குட்டைக்கு 100 மீட்டர். அதன் இரு முனைகளிலும் செங்குத்தாகத் திரும்பி, குட்டையைத் தாண்டி 50 மீட்டர் போய், எதிர்க்கரையில் இன்னொரு கோடு போட்டு, குட்டை முழுவதும் ஒரு செவ்வகத்துக்குள் அடங்கும்படி செய்துவிடுங்கள். செங்கோணத்துக்குக் கொத்தனார்கள் வீட்டுக்கு மூலைமட்டம் பார்க்கும் அதே 3, 4, 5 கணக்குப் போதும், ஆனால் 6, 8, 10 மீட்டராக வைத்தால் இன்னும் துல்லியம். நான்கு மூலைகளையும் இப்படிச் சரிபாருங்கள், அப்புறம் எதிர்க்கோட்டின் நீளத்தையும் தனியாக அளந்து 100 வருகிறதா என்று பாருங்கள். அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் ஏதோ ஒரு மூலை சாய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

இப்போது இரண்டு நீளக் கோடுகளிலும் ஒரே புறத்திலிருந்து 10, 20, 30 என்று 90 மீட்டர் வரை முளை அடியுங்கள். எதிரெதிர் முளைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். ஒவ்வொரு முளையிலிருந்தும் எதிர் முளையை நோக்கி நேராகத் தண்ணீர் ஓரம் வரை அளந்தால் போதும், எதிர்ப்பக்கத்தில் இருப்பவரும் அதையே செய்வார். செவ்வகத்தின் அகலமான 50இலிருந்து இரண்டையும் கழித்தால் வருவது தண்ணீரின் அகலம். முதல் முளையில் இந்தப் பக்கம் 16.2, அந்தப் பக்கம் 13.4 என்றால் அகலம் 50 − 29.6 = 20.4. எதிர் முளையை நோக்கி என்று சொன்னதைக் கவனியுங்கள்: குத்துமதிப்பாக டேப்பை நீட்டினால் வெட்டுக் கோடு சாய்ந்து, அளவு தப்பாகிவிடும்.

தண்ணீர் ஓரம் என்பது எது என்று இரண்டு பேரும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். ஒருவர் ஈர மண் வரை அளந்து, மற்றவர் தண்ணீர் நிற்கும் இடம் வரை அளந்தால் ஒவ்வொரு அகலத்திலும் அரை மீட்டர் போய்விடும். சம்பு, கோரை அடர்ந்த ஓரத்தில் குச்சியை ஊன்றிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கணக்கு

ஒன்பது முளைகளிலும் கிடைத்த அகலங்கள், மீட்டரில்:

| முளை | அகலம் | பெருக்கி |
|---|---|---|
| 1 | 20.4 | 1 |
| 2 | 33.0 | 4 |
| 3 | 39.6 | 2 |
| 4 | 42.2 | 4 |
| 5 | 40.8 | 2 |
| 6 | 36.5 | 4 |
| 7 | 34.1 | 2 |
| 8 | 31.7 | 4 |
| 9 | 18.2 | 1 |

முதலும் கடைசியும் சேர்ந்து 38.6. இரட்டை எண் முளைகள் நான்கின் கூட்டல் 143.4, அதை 4ஆல் பெருக்கினால் 573.6. இடையில் உள்ள ஒற்றை எண் முளைகள் மூன்றின் கூட்டல் 114.5, அதை 2ஆல் பெருக்கினால் 229.0. எல்லாம் சேர்ந்து 841.2. இதை 10/3ஆல் பெருக்க 2,804 சதுர மீட்டர். இது முதல் முளைக்கும் ஒன்பதாம் முளைக்கும் இடையில் உள்ள 80 மீட்டர் நீளத்துக்கு மட்டும். இரு முனைகளிலும் மீதி இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

எக்செல்லில் போடுபவர்கள் அகலங்களை B2 முதல் B10 வரை எழுதிவிட்டு இதைக் கொடுக்கலாம்:

```
=10/3*(B2+B10+4*(B3+B5+B7+B9)+2*(B4+B6+B8))
```

பெருக்கிகளைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி: எல்லாப் பெருக்கிகளையும் கூட்டினால் பட்டைகளின் எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு வர வேண்டும். இங்கே 1+4+2+4+2+4+2+4+1 = 24, எட்டுப் பட்டைக்கு 8 × 3 = 24, சரி. யாராவது ஏழு பட்டை வைத்துக்கொண்டு 1, 4, 2, 4, 2, 4, 2, 1 என்று போட்டால் கூட்டல் 20தான் வரும், வர வேண்டியது 21. பரப்பில் ஏறக்குறைய 5 சதவீதம் காணாமல் போயிருக்கும், விடையைப் பார்த்தால் சந்தேகமே வராது. இன்னொரு அடையாளம், கடைசி 1க்கு முன்னால் எப்போதும் 4தான் நிற்க வேண்டும். இடம் அப்படி அமைந்து ஒற்றைப்படைப் பட்டைதான் கிடைக்கிறது என்றால், ஒரு ஓரப் பட்டையைச் சரிவகமாகத் தனியே கணக்கிட்டு, மீதி இரட்டைப்படைக்கு சிம்சன் போடுங்கள்.

முனைகள்: பெரும்பாலோர் கோட்டை விடும் இடம்

பாடப் புத்தகக் கணக்குகளில் முதல் அகலம் 0, கடைசி அகலம் 0 என்று வைத்து, குட்டையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பட்டைகளைப் போட்டுவிடுவார்கள். குட்டையின் முனை கூராக இருந்தால் அது பரவாயில்லை. உருண்டையாக இருந்தால் சிம்சன் விதி குறைத்தே சொல்லும். காரணம் இதுதான்: உருண்டை முனையில் கரை வெட்டுக் கோட்டுக்கு இணையாகவே புறப்படுகிறது, முதல் ஓரிரு மீட்டரிலேயே அகலம் 0விலிருந்து சரசரவென்று ஏறிவிடும். நாம் ஓட்டும் பரவளையத்தால் அவ்வளவு செங்குத்தாக ஏற முடியாது, முனையின் தோள் பகுதியை வெட்டிவிடுகிறது.

எவ்வளவு குறைகிறது என்று பார்க்க, விடை தெரிந்த ஒரு வடிவத்தில் சோதித்தால் நல்லது. 80 மீட்டர் விட்டமுள்ள சரியான வட்டக் குளம், உண்மைப் பரப்பு 5,027 சதுர மீட்டர். முனையிலிருந்து முனை வரை எட்டுப் பட்டை, முதலும் கடைசியும் 0 என்று வைத்தால் சிம்சன் 4,934 தருகிறது, 93 சதுர மீட்டர் குறைவு. சரிவக விதி இன்னும் மோசம், 4,793.

இப்போது அதே முளைகள், அதே அகலங்கள், ஒன்றுகூடப் புதிதாக அளக்க வேண்டாம். இரு ஓரப் பட்டைகளையும் விட்டுவிட்டு நடு ஆறு பட்டைகளுக்கு மட்டும் சிம்சன் போடுங்கள். ஓரத்தில் மிச்சமான இரண்டு தொப்பிகளையும், தொப்பியின் அடி அகலம் × ஆழம் × 2/3 என்று தனியாகக் கணக்கிடுங்கள். இதுவும் பரவளையம்தான், ஆனால் இந்த முறை முனை நோக்கித் திருப்பி வைத்த பரவளையம், அதனால் தோள் பகுதியை விடாமல் பிடித்துக்கொள்கிறது. விடை 5,005. குறைவு 22 சதுர மீட்டர், அரை சதவீதம்கூட இல்லை. கூடுதல் உழைப்பு இரண்டு பெருக்கல். அதனால்தான் நம் உதாரணத்தில் முதல் முளையைத் தண்ணீரின் முனையில் அடிக்காமல் உள்ளே தள்ளி அடித்தோம்.

நம் குட்டையில் தண்ணீர் 4 மீட்டரில் தொடங்குகிறது, முதல் முளை 10இல், ஆகவே இந்தப் பக்கத் தொப்பியின் ஆழம் 6 மீட்டர். பரப்பு 2/3 × 20.4 × 6 = 81.6. மறுகோடியில் தண்ணீர் 94இல் முடிகிறது, தொப்பி 4 மீட்டர், பரப்பு 2/3 × 18.2 × 4 = 48.5. இரண்டும் சேர்ந்து 130. ஆக மொத்தம் 2,804 + 130 = 2,934 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் இது 72 சென்ட் 50 பைசா என்று வேடிக்கையாகச் சொல்லலாம், அதாவது எழுபத்திரண்டரை.

முனை உருண்டையாக இல்லாமல் கூர்முக்கோணமாக இருந்தால் 2/3க்குப் பதில் 1/2 போடுங்கள். சுவர் வைத்து நேராக முடிந்திருந்தால் தொப்பியே இல்லை, சுவரிலேயே முதல் முளை.

விடையை எவ்வளவு நம்பலாம்

எட்டுப் பட்டை எடுத்ததில் ஒரு லாபம் உண்டு. ஒன்று விட்டு ஒரு முளையை மறந்துவிட்டு 1, 3, 5, 7, 9 ஆகியவற்றை மட்டும் வைத்து, பட்டை 20 மீட்டர் என்று எடுத்து, நான்கு பட்டைக் கணக்காகத் திரும்பப் போடலாம்: 20/3 × (38.6 + 4 × 73.7 + 2 × 40.8) = 2,767. முன்பு வந்தது 2,804. வித்தியாசம் 37, ஒன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல். பட்டையைப் பாதியாக்கியும் விடை இவ்வளவுதான் நகர்ந்தது என்றால் 10 மீட்டர் பட்டை போதும். ஐந்து சதவீதம் நகர்ந்திருந்தால் கரை நாம் நினைத்ததைவிட அதிகமாக நெளிகிறது, 5 மீட்டருக்கு ஒரு முளை அடிக்க வேண்டியதுதான். இந்தச் சோதனையைச் செய்ய பட்டைகளின் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், அதனால் முடிந்தவரை 6, 10 என்று எடுக்காமல் 8 அல்லது 12 எடுங்கள்.

ஒரு முளையில் டேப்பைத் தப்பாகப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 4 பெருக்கி உள்ள முளையில் ஒரு மீட்டர் தவறினால் பரப்பில் 13 சதுர மீட்டர் போகும், 2 பெருக்கி உள்ள இடத்தில் அதில் பாதி. அதனால் திரும்ப அளக்க நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் இரட்டை எண் முளைகளை அளந்துகொள்ளுங்கள். அகலங்களை ஒரு தாளில் வரிசையாகப் புள்ளி வைத்துப் பார்த்தாலும் பிழை பளிச்சென்று தெரியும்: கரையில் எந்தத் திருப்பமும் இல்லாத இடத்தில் ஒரு புள்ளி மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், அது அளவின் கோளாறு.

கரையில் உண்மையிலேயே ஒரு மூலை இருந்தால் கதை வேறு. படித்துறை நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது கல்கட்டுச் சுவர் திடீரென்று முடிந்து மண்கரை தொடங்கும். பரவளையத்துக்கு மூலை போடத் தெரியாது. அந்த மூலை ஒற்றை எண் முளையில், அதாவது இரண்டு சோடிகள் சந்திக்கும் இடத்தில், விழும்படி முளை வரிசையைத் தொடங்கும் இடத்தை நகர்த்திக்கொள்ளுங்கள், தொப்பிகளின் ஆழம் கூடிக் குறையும், அவ்வளவுதான். மூலை இரட்டை எண் முளையில் விழுந்தால் பரவளையம் அதை மழுக்கி, 4 பெருக்கியோடு சேர்த்துப் பெரிதாக்கும். வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் தண்ணீர் கை மாதிரி நீண்டிருந்தால், வெட்டுக் கோடு தண்ணீரை இரண்டு முறை தொடும், அந்தக் கையை வாயில் ஒரு கோடு போட்டு அடைத்துவிட்டுத் தனிக் குட்டையாக அளந்து கூட்டுங்கள். நடுவில் திட்டு இருந்தால் அதைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தை அச்செடுத்து அதிலேயே கோடு போட்டும் இதே கணக்கைச் செய்யலாம், பெரிய ஏரிக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் சின்னக் குட்டையில் சீமைக்கருவேல மரம் கரையை மூடியிருந்தால் படத்தில் தெரிவது மரத்தின் ஓரம், தண்ணீரின் ஓரம் அல்ல, படம் எடுத்த மாதத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது என்பதும் வேறு.

தண்ணீர் மட்டம்தான் இந்த வேலையில் எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை. கரைச் சரிவு ஒன்றுக்கு மூன்று, அதாவது ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டர் உள்ளே போக வேண்டும் என்றால், தண்ணீர் 15 சென்டிமீட்டர் குறைந்ததும் ஓரம் 45 சென்டிமீட்டர் உள்ளே நகரும். நம் குட்டையின் சுற்றளவு சுமார் 215 மீட்டர், ஆகவே ஏறக்குறைய 97 சதுர மீட்டர் குறையும், அது மொத்தத்தில் மூன்று சதவீதத்துக்கு மேல். சரிவக விதிக்கும் சிம்சன் விதிக்கும் இந்தக் குட்டையின் நடுப் பகுதியில் வந்த வித்தியாசமே 32தான். எனவே 2,934.13 என்று எழுதி யாரையும் பயமுறுத்தாமல், சுமார் 2,930 சதுர மீட்டர் என்று எழுதி, பக்கத்திலேயே அளந்த தேதியையும், அன்றைக்குத் தண்ணீர் மதகின் மேல்விளிம்புக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே நின்றது என்பதையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை அளப்பவர் முளைகளை அதே இடத்தில் அடித்தால், மட்டத்துக்கு மட்டம் பரப்பு எப்படி மாறுகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.